வியர்வையை நிறுத்துப் பார்ப்போம்

மே மாதம், காலை ஐந்தரை மணி. பெசன்ட் நகர் கடற்கரையில் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரத்தில் ஷூவுக்குள் சாக்ஸ் ஊறிப்போய் சளக் சளக்கென்று சத்தம் கேட்கும். இத்தனைக்கும் வெயில் இன்னும் வரவே இல்லை. “அதிகாலையில் ஓடினால் சூடு தெரியாது” என்று சொன்னவர்களை அந்த நேரத்தில் தேடிப்பிடித்துக் கேட்கத் தோன்றும்.

சூடு தெரிவதற்குக் காரணம் வெயில் அல்ல, காற்றில் இருக்கும் ஈரம். வியர்வை வடிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது காய்வதால்தான் குளிர்கிறது. தோலில் இருக்கும் ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒன்பது கிலோமீட்டர் ஓடினால் சுமார் 630 கிலோ கலோரி செலவாகும். அதில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் சூடாகவே உடம்பில் சேரும். கணக்குப்படி ஒரு லிட்டர் வியர்வை அவருக்குத் தாராளமாகப் போதும்.

ஆனால் கடலோரக் காற்று ஏற்கெனவே ஈரத்தைக் குடித்து நிறைந்திருக்கிறது. வியர்வையில் ஒரு பகுதிதான் ஆவியாகும். மீதி மூக்கு நுனியிலும் முழங்கையிலும் சொட்டித் தரையில் விழும். சொட்டுகிற வியர்வையால் நமக்கு ஒரு லாபமும் இல்லை, நீரும் உப்பும்தான் நஷ்டம். சூடு குறையவில்லை என்று கண்ட உடம்பு இன்னும் அதிகமாக வியர்க்கும். மழைக்காலத் துணிபோல மனிதர் காயாமலே இருப்பார்.

இந்த நஷ்டம் எவ்வளவு? வியர்வையை நிறுத்த முடியாது. ஆனால் நிறுத்துப் பார்க்கலாம். வீட்டு எடை மெஷின் ஒன்று போதும்.

போன வருடம் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் செய்து பார்த்தேன். சிறுநீர் கழித்துவிட்டு, உடுப்பில்லாமல் மெஷினில் ஏறினேன்: 72.4 கிலோ. ஒரு மணி நேரம் ஓடினேன். கையில் கொண்டுபோன பாட்டிலில் 300 மில்லி குடித்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் துண்டால் நன்றாகத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினேன்: 71.2 கிலோ. ஈரத் துணியோடு ஏறினால் கணக்கு கெட்டுவிடும், துணியில் இருப்பதும் நம் வியர்வைதானே. குறைந்தது 1.2 கிலோ. குடித்த 300 மில்லியையும் அதோடு சேர்க்க வேண்டும். ஆக, ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் வியர்த்திருக்கிறேன். இதே சோதனையை ஜனவரியில் செய்தபோது முக்கால் லிட்டர்தான் வந்தது. அதே ஆள், அதே தூரம், அதே வேகம்.

உங்களுடைய எண் வேறாக இருக்கும். பக்கத்தில் ஓடுகிறவர் என்னைவிட ஒல்லியாக இருந்தும் இரண்டு லிட்டர் வியர்ப்பார். அதனால்தான் ‘மணிக்கு இத்தனை லிட்டர் குடியுங்கள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிற அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சரி, ஒன்றரை லிட்டர் போனால் ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டுமா? வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போது வயிறு மணிக்கு முக்கால் லிட்டர், மிஞ்சிப்போனால் ஒரு லிட்டர்தான் தாங்கும். அதற்கு மேல் ஊற்றினால் வயிற்றுக்குள் குடம்போல் தளும்பும். எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதைத் தாண்டினால் இதயம் வேகமாக அடிக்கத் தொடங்கும், அதே வேகத்தில் ஓடுவது கஷ்டமாகும். என் எடைக்கு இரண்டு சதவீதம் என்றால் சுமார் 1.4 கிலோ. அன்றைக்கு நான் இழந்தது 1.2, எல்லைக்குள்தான். இன்னும் அரை மணி ஓடியிருந்தால் தாண்டியிருப்பேன். அப்படிப்பட்ட நாட்களில் கால் மணிக்கு ஒருமுறை 150 மில்லி, அதாவது ஐந்தாறு வாய், குடித்தால் கணக்கு சரியாகிவிடும்.

குறைவாகக் குடிப்பதை எல்லோரும் எச்சரிக்கிறார்கள். அளவுக்கு மிஞ்சிக் குடிப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஆனால் ஆளைக் கொல்வதும் அது. 2002 பாஸ்டன் மாரத்தான் முடிவில் 488 பேரிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 13 பேருக்கு ரத்தத்தில் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. அவர்களில் பலர் ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தார்கள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு எடை கூடுவதென்றால், வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்திருக்கிறார்கள் என்று பொருள். அதே பந்தயத்தில் ஓடிய 28 வயதுப் பெண் ஒருவர் இந்தக் கோளாறாலேயே இறந்துபோனார்.

நடப்பது இதுதான். வியர்வையோடு உப்பு போகிறது. அந்த இடத்தில் வெறும் தண்ணீர் வந்து நிறைகிறது. குழம்பில் தண்ணீரைக் கொட்டியதுபோல ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது. அப்போது நீர் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்க வைக்கும். மூளை மண்டையோட்டுக்குள் இருக்கிறது, வீங்குவதற்கு அதற்கு இடமில்லை. முதலில் தலைவலி, குமட்டல். அப்புறம் குழப்பம், வலிப்பு.

சிக்கல் என்னவென்றால், நீர் வற்றியவருக்கும் தலைவலியும் குமட்டலும்தான் வரும். எங்கள் ஓட்டக் குழுவில் ஒரு அண்ணன், முப்பது கிலோமீட்டர் பயிற்சியின்போது நிறுத்தத்துக்கு நிறுத்தம் அரை பாட்டில் தண்ணீரைக் காலி செய்துகொண்டே வந்தார். மெதுவாக ஓடுகிறவர், ஓடி முடிக்க நாலரை மணி நேரம் ஆனது. வந்ததும் தலை கனக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். “தண்ணி குடிங்கண்ணா” என்று ஆளாளுக்கு பாட்டிலை நீட்டினோம். அவர் மோதிரத்தைத் திருகிக்கொண்டே, “கழட்ட வரமாட்டேங்குதுப்பா, விரல் வீங்கியிருக்கு” என்றார். குழுவில் இருந்த டாக்டர் பாட்டிலை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாற்றை இரண்டு மடக்கு கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்குச் சிறுநீர் தாராளமாகப் போனது, தலையும் லேசானது. இறுகிய மோதிரம், உப்பிய விரல், கூடிய எடை: இவை இருந்தால் தண்ணீர் கொடுக்கக் கூடாது. குழப்பமும் சேர்ந்திருந்தால் ஆஸ்பத்திரிதான்.

இனி உப்புக்கு வருவோம். ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக 900 மில்லிகிராம் அளவுக்கு சோடியம் போகும். சிலருக்கு இதில் பாதி, சிலருக்கு இரு மடங்கு. தொப்பியிலும் கறுப்புச் சட்டையிலும் வெள்ளை வெள்ளையாகக் கோடு படிகிறதா, வியர்வை கண்ணில் பட்டால் எரிகிறதா? நீங்கள் உப்பு அதிகம் இழக்கிறவர். என் ஒன்றரை லிட்டருக்கு இழப்பு 1,350 மில்லிகிராம் சோடியம். சமையல் உப்பாகச் சொன்னால் சுமார் மூன்றரை கிராம், அரை டீஸ்பூனுக்குச் சற்று மேல்.

இதைக் கேட்டவுடன் உப்பு மாத்திரை வாங்க ஓட வேண்டாம். வீட்டுக்கு வந்து நாலு இட்லி, சாம்பார், சட்னி என்று சாப்பிட்டாலே இதில் பெரும்பங்கு திரும்ப வந்துவிடும். நம் சாப்பாட்டில் உப்புக்குப் பஞ்சமில்லை. ஒரு மணி நேர ஓட்டத்துக்கோ ஜிம்முக்கோ வெறும் தண்ணீர் போதும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும்போதும், காலை மாலை இரு வேளையும் பயிற்சி செய்யும்போதும்தான் குடிக்கிற நீரில் உப்பு தேவைப்படுகிறது. அதற்கு ஒரு லிட்டர் தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பு, ஏழெட்டு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு எலுமிச்சம்பழம். நான் இரண்டு வருடமாக இதைத்தான் கொண்டுபோகிறேன். சர்க்கரை ருசிக்கு மட்டும் அல்ல. சிறுகுடலில் சர்க்கரையும் சோடியமும் கைகோத்துத்தான் உள்ளே போகும், அவற்றின் பின்னாலேயே நீரும் போகும்.

இளநீரைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். வியர்வையில் இதற்கு நேர் தலைகீழ். ஓடி முடித்துக் குடிக்க அருமையான பானம்தான், ஆனால் போன உப்பை அது திருப்பித் தராது. கூடவே உப்புப் போட்ட சுண்டல் இருந்தால் சரி. உப்புப் போட்ட நீர்மோர் இந்த விஷயத்தில் இளநீரை ஜெயித்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும் சில ரத்த அழுத்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் இளநீரை டாக்டரிடம் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும். ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் உப்பு நீருக்கும் அப்படியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஓ.ஆர்.எஸ். என்பது வயிற்றுப்போக்குக்காக உருவானது. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி கலக்கினால் லிட்டருக்கு 1,700 மில்லிகிராம் சோடியம் வரும், சராசரி வியர்வையைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு. நிறைய வியர்த்துக் களைத்த பிறகு குடிக்கலாம். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கிற தவறு. அப்படிக் குடித்தால் நீர் குடலில் இருந்து உடம்புக்குள் போவதற்குப் பதிலாக உடம்பிலிருந்து குடலுக்கு இழுக்கப்படும். கடையில் டெட்ரா பாக்கில் விற்கிற இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்குவது இன்னொரு தவறு. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், இந்தச் சூத்திரப்படி இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது.

கோடையில் முதல் முதலாக ஓட வருகிறவர்கள் பத்துப் பதினான்கு நாள் பொறுக்க வேண்டும். அதற்குள் உடம்பு சூட்டுக்குப் பழகிக்கொள்ளும். வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதிகமாகவும் வரும், ஆனால் அதில் உப்பு குறைந்திருக்கும். அதுவரை தூரத்தையும் வேகத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. எவ்வளவு சரியாகக் குடித்தாலும், புழுக்கத்தில் வேகமாக ஓடுகிறவருக்கு வெப்பத் தாக்கு வரலாம். தண்ணீர் தாகத்தைத் தீர்க்கும், தசைகள் உண்டாக்கும் சூட்டைத் தடுக்காது. உங்களோடு ஓடுகிறவர் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நிழலுக்குத் தூக்கிப்போய் உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.