பெயர்கள் அறுபது, புளி வாங்குவோர் எத்தனை பேர்?

தர்மபுரி மாவட்டத்தில் புளி, ராகி, சாமை மொத்த வியாபாரம் செய்யும் நம் அன்பர்கள் சிலர் இப்போது பேஸ்புக்கில் விளம்பரம் கொடுக்கிறார்கள். விளம்பரத்தைத் தொட்டதும் அங்கேயே திறக்கும் படிவம் நல்லதா, நமது சொந்த இணையப் பக்கத்துக்கு அழைத்துப்போய் அங்கே படிவம் வைப்பது நல்லதா என்பது அவர்கள் கேள்வி.

முதல் வகையை பேஸ்புக் 2015இல் கொண்டுவந்தது. பெயரும் போன் எண்ணும் அவரவர் கணக்கிலிருந்து தானே நிரம்பிவிடும். இரண்டு முறை விரலால் தொட்டால் விசாரிப்பு நம் கைக்கு வந்துவிடும். ஆகவே பெயர்கள் குவியும். ஆனால் அந்த எண் என்றோ கொடுத்த பழைய எண்ணாக இருக்கலாம். நாம் அழைத்தால், "நான் எதுவும் கேட்கவில்லையே" என்பவரும் உண்டு. சொந்தப் பக்கமோ சிக்னல் குறைந்த ஊரில் திறக்கவே நேரமாகும், பலர் திரும்பிவிடுவார்கள். காத்திருந்து எழுதுபவருக்குத் தாம் கேட்பது என்னவென்று தெரியும்.

கணக்கு விளங்க ஓர் உதாரணம் போடுவோம். புளி மொத்த வியாபாரி ஒருவர் இரண்டு வழிக்கும் தலா 3,000 ரூபாய் செலவிடுகிறார். உடனடிப் படிவத்தில் 60 பெயர்கள். ஒன்றுக்கு 50 ரூபாய். சொந்தப் பக்கத்தில் 15 பெயர்கள். ஒன்றுக்கு 200 ரூபாய். முதலாவதே மலிவு என்று தோன்றும். இனி தகுதியை அளக்க வேண்டும். "கடை வைத்திருப்பவர், ஒரு மூட்டைக்குக் குறையாமல் வாங்குபவர்" என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டு எல்லோரையும் அழைக்கிறார். 60இல் தேறியவர் 6 பேர். 15இல் 7 பேர். தகுதியான விசாரிப்பு ஒன்றுக்கு அங்கே 500 ரூபாய், இங்கே சுமார் 430 ரூபாய். அழைப்புக்கு நான்கு நிமிடம் என்றாலும் அறுபது பேரிடம் பேச நான்கு மணி நேரம் போய்விடும். அதைக் கல்லாவில் இருப்பவர்தான் கொடுக்க வேண்டும்.

இத்துடன் உடனடிப் படிவத்தை ஒதுக்கிவிட வேண்டாம். அதில் Higher intent என்ற வகை உண்டு. அனுப்பும் முன் எழுதியதைச் சரிபார்க்கச் சொல்லும். கூடவே "கடை எந்த ஊர்? மாதம் எத்தனை மூட்டை?" என்று கையால் எழுத வேண்டிய கேள்வி ஒன்றைச் சேர்க்கலாம். அதே பணத்துக்குப் பெயர்கள் 24 ஆகக் குறைந்து, அதில் 8 பேர் தேறினால் ஒன்றுக்கு 375 ரூபாய்தான். நாம் இதையே முதலில் செய்து பார்க்கச் சொல்வோம். கேள்விகளை நான்கைந்தாக்கினால் நல்லவரும் ஓடிவிடுவார்.

ஒரு வாரத்து ஆறும் ஏழும் தீர்ப்பாகாது. அடுத்த வாரமே மாறி நிற்கும். ஒரே விளம்பரம், ஒரே ஊர்கள், ஒரே நாட்கள் என்று இரண்டையும் சில வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். அரூருக்கு ஒன்றும் பென்னாகரத்துக்கு ஒன்றும் விட்டால் ஒப்பிட்டதாகாது. வந்த பெயரை அன்றே அழையுங்கள். மூன்று நாள் கழித்து அழைத்து ஆள் சரியில்லை என்றால் குறை படிவத்தில் இல்லை. உடனடிப் படிவத்தில் சேர்ந்த பெயர்களை 90 நாட்களுக்குள் இறக்கிக் குறிப்பேட்டில் ஏற்றிவிடவும். அதன்பின் அங்கே கிடைக்காது.