பெற்றது எது, விட்டது எது? நேர்காணல் வினா ஒன்றும் அதன் விடையும்

எந்திரக் கற்றல் சார்ந்த பணிகளுக்கு நேர்காணல் காணச் செல்லும் மாணவர்களிடம் பெரும்பாலும் கேட்கப்படும் வினா ஒன்று உண்டு. "நீங்கள் முன்பு செய்த திட்டப்பணி ஒன்றைக் கூறுங்கள். அதில் இந்த மாதிரியை ஏன் தேர்ந்தீர்கள்? அதனால் எதைப் பெற்றீர்கள், எதை விட்டுக்கொடுத்தீர்கள்?" என்பதே அவ்வினா. தரப்பட்ட எடுத்துக்காட்டுகளைக் கண்டு தானே கணக்கு வகுத்துக்கொண்டு, புதியதொன்று வரும்போது முடிவு கூறும் கணிப்பொறி அமைப்பையே இத்துறையார் மாதிரி என்பர்.

இவ்வினாவுக்கு மாணவர் பலரும் மாதிரியின் புகழைப் பாடத் தொடங்கிவிடுகின்றனர். "பெர்ட் மிகவும் நவீனமானது, துல்லியம் 88 விழுக்காடு வந்தது" என்று கூறி நிறுத்திவிடுகின்றனர். கேட்டவருக்கு இதனால் ஒன்றும் விளங்குவதில்லை. பெர்ட்டைப் பற்றி அவர் முன்பே அறிவார். இரண்டு வழிகள் முன்னே இருந்தபோது எதை எதனோடு நிறுத்துப் பார்த்து ஒன்றைக் கைக்கொண்டீர் என்பதே அவர் அறிய விரும்புவது.

தமிழ் நூற்பகுதிகளைக் கொண்டு செய்த திட்டப்பணி ஒன்றை எடுத்துக்கொண்டு இதனை விளக்குவோம். நகராட்சி ஒன்றுக்கு வந்த தமிழ் மனுக்களைப் படித்து, குடிநீர், சாலை, தெருவிளக்கு, துப்புரவு, வரி, பிற என ஆறு பிரிவுகளுள் உரியதற்கு அனுப்புதலே பணி எனக் கொள்வோம். மனுக்கள் 6,000. அவற்றுள் 4,800 பயிற்சிக்கு, 1,200 சோதனைக்கு. இவ்வெண்களும் பின்வரும் துல்லியக் கணக்குகளும் விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொண்டவை. செய்முறையும் இடர்ப்பாடுகளும் உண்மையானவை.

விடையின் முதல் வாக்கியத்தில் மாதிரியின் பெயர் வரவேண்டுவதில்லை. வரவேண்டியது தேவையும் கட்டுப்பாடும் ஆகும். "மனுவை உரிய பிரிவுக்கு அனுப்ப வேண்டும், அலுவலகத்தில் இருந்தது வரைகலைச் செயலி இல்லாத சாதாரணக் கணிப்பொறி, ஏன் இந்தப் பிரிவுக்கு அனுப்பினாய் என்று எழுத்தர் கேட்டால் காரணம் காட்ட வேண்டும்" என்று தொடங்கினால், பின்னால் கூறும் ஒவ்வொன்றும் இம்மூன்றோடு ஒட்டி நிற்கும். இவை இன்றேல் தேர்வு என்பதற்கே பொருளில்லை. துல்லியம் கூடியதை எடுத்தோம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அடுத்து, ஒப்பிட்டவை எவை என்பது. நம் எடுத்துக்காட்டில் மூன்று. முதலாவது, மனுவிலுள்ள சொற்களை எண்ணி, லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்னும் எளிய கணக்கால் பிரிவைக் கணிப்பது. இரண்டாவது, அதே கணக்குக்குச் சொற்களுக்கு மாற்றாக எழுத்துத் துண்டுகளை ஊட்டுவது. மூன்றாவது, 2018ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தார் வெளியிட்ட பன்மொழி பெர்ட் மாதிரியை எடுத்து, நம் மனுக்களைக் கொண்டு மேலும் பயிற்றுவிப்பது. முறையே 79, 85, 88 விழுக்காடு துல்லியம் கிடைத்தது எனக் கொள்வோம்.

சொல்லை விட்டு எழுத்துத் துண்டுக்கு ஏன் சென்றீர் என்ற கேள்வி வந்தே தீரும். தமிழ் பயின்ற மாணவருக்கு இது வாய்ப்பான இடம். குடிநீர், குடிநீருக்கு, குடிநீரில், குடிநீரின்றி ஆகிய நான்கும் நமக்கு ஒரு சொல்லின் நான்கு வடிவங்கள். சொல்லெண்ணும் மாதிரிக்கோ அவை ஒன்றோடொன்று உறவே இல்லாத நான்கு சொற்கள். வேற்றுமை உருபுகளும் சாரியைகளும் ஒட்டிக்கொண்டே போகும் நம் மொழியில் 4,800 மனுக்கள் மிகக் குறைவு. பல வடிவங்கள் ஓரிருமுறைக்கு மேல் வாரா. இரண்டு முதல் ஆறு குறிகள் வரை நீளமுள்ள துண்டுகளாக வெட்டினால், 'குடிநீ' என்னும் துண்டு நான்கிலும் பொதுவாக அகப்படும். கணிப்பொறிக் கணக்கில் 'நீ' என்பது மெய்க்குறியும் ஈகாரக் குறியும் சேர்ந்த இரண்டாதலால், 'குடிநீ' ஆறு குறிகளாம். மனு எழுதுவோர் 'குடிநிர்' என்று பிழைபட எழுதினாலும் 'குடிந' வரையிலான சிறு துண்டுகளாவது பிற மனுக்களோடு ஒத்துப்போகும். நிரலில் இது ஒரே வரி:

```python
TfidfVectorizer(analyzer="char_wb", ngram_range=(2, 6), max_features=100000)
```

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. முதல் மாதிரிக்குக் கிடைத்த 79 விழுக்காடு நேர்மையான அளவுதானா என்று துறையறிந்த நேர்காணலர் கேட்பார். பைத்தான் மொழியில் சொற்களைப் பிரிக்க இக்கருவி இயல்பாகக் கையாளும் விதி, தமிழின் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. அவை வருமிடமெல்லாம் சொல் அறுபடுகிறது. ஒரே எழுத்தாய் நின்றவை கழிக்கப்படுகின்றன. அவ்விதியைத் தனியே இயக்கிப் பார்த்தால் விளைவு கண்கூடு:

```python
>>> re.findall(r"(?u)\b\w\w+\b", "நகராட்சி குடிநீருக்கு")
['நகர']
```

நகராட்சி என்பது 'நகர' ஆயிற்று. குடிநீருக்கு என்பது தடமின்றி மறைந்தது. எச்சரிக்கைச் செய்தி எதுவும் வாராது. நிரல் இயல்பாக ஓடி ஏதோ ஒரு துல்லியத்தைக் காட்டும். இந்நிலையில் எழுத்துத் துண்டு முறை சொல்முறையை வென்றது என்று கூறினால், காலொடிந்த குதிரையோடு பந்தயம் வைத்ததாகும். பயிற்சிக்குப்பின் மாதிரி சேர்த்துவைத்திருக்கும் சொற்பட்டியலில் முதல் ஐம்பதை அச்சிட்டுப் பார்த்தாலே இது வெளிப்பட்டுவிடும். விதியை `token_pattern=r"\S+"` என்று மாற்றி, இடைவெளி கொண்டு சொற்களைப் பிரித்தபின் வந்ததே நாம் மேலே கொண்ட 79 என்று வைத்துக்கொள்வோம். "ஒப்பீடு நேர்மையாக இருக்கச் சொற்பிரிப்பு விதியை மாற்றினேன்" என்னும் ஒரு வாக்கியம், துல்லியத்தில் இரண்டு விழுக்காடு கூட்டிச் சொல்வதைவிட நேர்காணலரிடம் எடைபெறும் என்பது நம் கருத்து.

இனி உண்மையான நிறுவை. பெர்ட் 88, எழுத்துத் துண்டு 85. விழுக்காட்டில் பேசுவதைவிட மனுக்களில் பேசுதல் நன்று: 1,200 மனுக்களில் 36 மனுக்கள் கூடுதலாக உரிய பிரிவுக்குச் செல்கின்றன. அதற்குக் கொடுக்கும் விலை என்ன? பன்மொழி பெர்ட்டில் ஏறத்தாழ 18 கோடி எண்கள் உள்ளன. வட்டில் 700 மெகாபைட் அளவுக்கு இடம் கொள்ளும். நம் சிறு மாதிரியில் ஒரு லட்சம் துண்டுகள், ஆறு பிரிவுகள், ஆக ஏறத்தாழ ஆறு லட்சம் எண்களே. புதிதாக ஒரு பிரிவைச் சேர்க்க நேர்ந்தால் சிறு மாதிரியை அதே அலுவலகக் கணிப்பொறியில் சில நிமிடங்களில் மீண்டும் பயிற்றலாம். பெர்ட்டுக்கு வேறு வன்பொருள் தேடவேண்டும். எந்தத் துண்டு எவ்வளவு எடை தந்ததால் இம்மனு குடிநீர்ப் பிரிவுக்குச் சென்றது என்று சிறு மாதிரியில் வரிசையிட்டுக் காட்டலாம். பெர்ட்டில் அவ்வாறு நேராகக் காட்ட இயலாது.

பெற்றதைச் சொன்ன அதே குரலில் விட்டதையும் சொல்ல வேண்டும். அதுவும் பொத்தாம்பொதுவாக அன்று, மனு ஒன்றைக் காட்டி. "குழாய் பதிக்கத் தோண்டிய சாலையை இன்னும் மூடவில்லை" என்ற மனுவைச் சிறு மாதிரி குடிநீர்ப் பிரிவுக்கு அனுப்பிவிட்டது எனக் கொள்வோம். குழாய் என்னும் சொல்லின் எடை அதனை அவ்வழி இழுத்தது. முறையீடு சாலையைப் பற்றியது என்பதைச் சொற்களின் தொடர்பால் உணரும் வாய்ப்பு பெர்ட்டுக்கு உண்டு. துண்டுகளை எண்ணுவதற்கு இல்லை. தவறிய மனுக்களை உட்கார்ந்து படித்தவர் மட்டுமே இத்தகைய எடுத்துக்காட்டைக் கூற முடியும். நேர்காணலர் அதனைக் கேட்டவுடன் அறிந்துகொள்வார்.

இவ்விழப்பை எவ்வாறு ஈடுசெய்தீர் என்பது அடுத்து வருவது. சிறு மாதிரி ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு நிகழ்தகவும் தருகிறது. அது 0.60க்குக் கீழ் இருந்தால் மனுவைத் தானே அனுப்பாது எழுத்தரின் மேசைக்கு அனுப்பட்டும் என்று ஒரு வாயில் வைத்தோம் எனக் கொள்வோம். 1,200இல் 200 மனுக்கள் எழுத்தருக்குச் சென்றன. மொத்தம் தவறியிருந்த 180இல் 120 அந்த இருநூற்றுக்குள்ளேயே அகப்பட்டன. எஞ்சிய 1,000 மனுக்களில் தவறு 60, அதாவது ஆறு விழுக்காடு. வாயிலை உயர்த்தினால் தவறு குறையும், எழுத்தரின் வேலை கூடும். 0.60 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "ஆறில் ஒரு பங்கு மனுக்களை மட்டுமே எழுத்தரால் பார்க்க இயலும் என்றனர், அதற்கேற்ப வைத்தேன்" என்பது விடை. வாயிலைச் சோதனை மனுக்களைப் பார்த்தே அமைத்தீரா என்றும் கேட்கக்கூடும். பயிற்சிக்கு ஒதுக்கியதிலிருந்து ஒரு பகுதியைத் தனியே பிரித்து, அதனைக்கொண்டே வாயிலை அமைத்திருக்க வேண்டும். சோதனைத் தொகுதியைத் தொட்டு அமைத்தால் அந்த ஆறு விழுக்காடு உள்ளதைவிட நல்லதாகத் தோன்றும்.

கூர்மையான நேர்காணலர் இங்கும் விடமாட்டார். "அதே வாயிலைப் பெர்ட்டுக்கும் வைத்தால் அது இன்னும் நன்றாகச் செய்யுமே?" என்பார். செய்யக்கூடும். அதனை அளந்திருந்தால் எண்ணைக் கூறலாம். அளக்கவில்லையெனில், "அந்த ஒப்பீட்டை நான் செய்யவில்லை, பெர்ட்டின் நிகழ்தகவுகள் நம்பத்தக்கனவா என்பதை முதலில் சரிபார்த்து, இரண்டுக்கும் இருநூறு மனுக்கள் எழுத்தருக்குச் செல்லுமாறு வாயிலை அமைத்து ஒப்பிடுவேன்" என்று கூறுதல் தகும். ஊகித்து ஓர் எண்ணைக் கூறிவிட்டால், அடுத்த இரண்டு கேள்விகளில் அது வெளுத்துவிடும்.

கூட்டாகச் செய்த பணியாயின் ஒரு சிறு செய்தி. 'நாம்' என்று எழுதுவது மலர்க் கட்டுரைக்குப் பொருந்தும். நேர்காணல் மேசைக்குப் பொருந்தாது. நால்வர் சேர்ந்து செய்திருந்தால், சொற்பிரிப்பு விதியை மாற்றியவர் யார், வாயிலை அமைத்தவர் யார் என்பதைப் பிரித்துக் கூறி, தம் பங்கை 'நான்' என்றே கூற வேண்டும். நண்பர் செய்த பகுதியைப் பற்றிக் கேட்டால் அவர் செய்தது என்று கூறி, தமக்கு விளங்கிய அளவு விளக்கலாம்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் ஒப்பிக்க வேண்டுவதில்லை. தேவை, ஒப்பிட்டவை, தேர்ந்தது, விட்டது என்ற அளவில் இரண்டு நிமிடங்களில் நிறுத்திவிட்டால், பள்ளங்களைப் பற்றி அவரே தோண்டிக் கேட்பார். பெரும்பாலும் இறுதியில் வருவது, "இன்று மீண்டும் செய்தால் எதை மாற்றுவீர்கள்?" என்பது. நம் எடுத்துக்காட்டில் விடை முதலில் கூறிய கட்டுப்பாடுகளிலேயே உள்ளது. மனுக்கள் ஆறாயிரத்திலிருந்து அறுபதாயிரமாகி, வரைகலைச் செயலியும் கிடைத்து, காரணம் காட்டும் கட்டாயமும் நீங்கினால் பெர்ட்டுக்கு மாறலாம். இம்மூன்றில் காரணம் காட்டும் கட்டாயம் மட்டும் எஞ்சியிருந்தாலும், எழுத்துத் துண்டு மாதிரியை வைத்துக்கொண்டு, எழுத்தர் மேசைக்குச் செல்லும் இருநூறு மனுக்களை மட்டும் பெர்ட்டுக்குக் காட்டி, அதன் பரிந்துரையை எழுத்தரின் முன் வைக்கலாம்.