மணி, நாள், வாரம், மாதம்: பச்சிளம் குழந்தையின் வயதுக் கணக்கு

பிறந்த குழந்தையின் மருத்துவக் குறிப்பேட்டில் வயது முதலில் மணிக்கணக்கில்கூட எழுதப்படும். பிறகு நாள், வாரம், மாதம் என்று அலகு பெரிதாகி, கடைசியில்தான் ஆண்டு வரும். உடல் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு சிறிய அலகு தேவைப்படுகிறது. மஞ்சள் காமாலை ஒன்றைப் பார்த்தாலே இது விளங்கிவிடும்.

கருவில் இருந்தபோது சேர்ந்த சிவப்பணுக்கள் பிறந்தபின் வேகமாகச் சிதைகின்றன. அப்போது உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருளை முழுவதும் வெளியேற்றுமளவுக்குக் கல்லீரல் இன்னும் பழகியிருக்காது. அதனால் நிறைமாதக் குழந்தைகளில் பலருக்கு இரண்டாம், மூன்றாம் நாளில் மஞ்சள் ஏறி, சில நாளில் தானே இறங்கும். அதே மஞ்சள் முதல் 24 மணி நேரத்துக்குள் தெரிந்தால் கதை வேறு. தாய்க்கும் சேய்க்கும் ரத்த வகை ஒத்துப்போகாமல் சிவப்பணுக்கள் அழிவது போன்ற காரணம் இருக்கக்கூடும் என்பதால், உடனே ரத்தப் பரிசோதனை செய்வார்கள். பிலிருபின் அளவு மிக அதிகமானால் மூளையைப் பாதிக்கும்.

திங்கள் இரவு 11.30 மணிக்குப் பிறந்த குழந்தையை புதன் காலை 6 மணிக்குப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிலிருபின் 10 மில்லிகிராம். திங்கள், செவ்வாய், புதன் என்று விரல்விட்டு எண்ணினால் குழந்தைக்கு மூன்றாம் நாள். உண்மையில் ஆகியிருப்பது முப்பதரை மணி நேரம்தான். 72 மணி நேரம் ஆன நிறைமாதக் குழந்தைக்கு 10 என்பது பெரிதாகக் கவலைப்பட வேண்டிய அளவல்ல. 30 மணி நேரத்தில் அது கவலைக்குரிய உயரம். இதனால்தான் பிலிருபின் வரைபடத்தின் அடிக்கோட்டில் நாளுக்குப் பதில் மணி இருக்கிறது. புள்ளிவிவரப் பதிவிலும் இந்தக் குழப்பத்துக்கு இடம் தராமல், பிறந்த நாளை உலக சுகாதார நிறுவனம் ‘நாள் 0’ என்றே கொள்கிறது. அந்த நாளிலேயே இறப்பு நேர்ந்தால் வயது மணியிலோ நிமிடத்திலோ பதிவாகும். பச்சிளம் பருவம் என்பது முதல் 28 நாள்.

நாள் வாரமாகும் இடத்திலும் காமாலையே வழிகாட்டுகிறது. நிறைமாதக் குழந்தைக்கு இரண்டு வாரத்துக்கு மேலும் மஞ்சள் மறையாவிட்டால் காரணம் தேட வேண்டும். பெரும்பாலும் தாய்ப்பால் சார்ந்த தீங்கற்ற காமாலையாக இருக்கும். ஆனால் மலம் வெளுத்து, சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சையை ஏறக்குறைய எட்டு வாரத்துக்குள் செய்தால் பலன் கூடுதல். ‘இரண்டு மாதக் குழந்தை’ என்று மட்டும் எழுதினால் எட்டரை வாரமும் பன்னிரண்டு வாரமும் ஒன்றாகிவிடும்.

வாரக்கணக்கு தடுப்பூசியிலும் தொடர்கிறது. இந்தியாவில் 6, 10, 14 வாரங்களில் ஊசி போடுகிறார்கள். குறைமாதக் குழந்தைக்கோ இரண்டு வயது வேண்டும். எட்டு வாரம் முன்னதாக, அதாவது 32 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இப்போது 16 வாரம் என்றால், தடுப்பூசிக்கு 16 வாரமே கணக்கு. தலை நிற்கிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா என்று பார்க்கும்போது எட்டைக் கழித்து 8 வாரமாகக் கொள்வார்கள். கழிக்க மறந்தால் நன்றாக வளரும் பிள்ளையை ‘வளர்ச்சி பின்தங்கியது’ என்று எழுத நேரிடும். இந்தக் கழிவை வழக்கமாக இரண்டு வயது வரை செய்வார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் எடை அட்டவணையும் 13 வாரம் வரை வாரவாரியாகவும், பிறகு மாதவாரியாகவும் போகிறது. மாதத்தில் வரும் சிக்கல் பெரும்பாலும் வீட்டுப் பேச்சிலிருந்து வருவது. ‘ஒன்பது நடக்குது’ என்று பாட்டி சொன்னால் முடிந்தது எட்டுதான். குறிப்பேட்டுக்கு வேண்டியது முடிந்த மாதம். தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி ஒன்பது மாதம் நிறைந்த பிறகே போடப்படுவதால், பிறந்த தேதியைக் கேட்டுக் கணக்கிடுவதே செவிலியருக்குப் பாதுகாப்பு.

முதல் பிறந்தநாள் வந்ததும் ஆண்டுக்கு மாறிவிடுவதில்லை. 13 மாதப் பிள்ளை தள்ளாடி நடக்கும். 23 மாதப் பிள்ளை ஓடும், இரண்டு சொல் சேர்த்துப் பேசும். இருவரையும் ‘ஒரு வயது’ என்று எழுதினால் எந்தப் பிள்ளையின் பேச்சு தாமதம் என்று தெரியாது. அதனால் இரண்டு வயது வரை மாதமே நீடிக்கிறது. அளக்கும் முறையும் அங்கேதான் மாறுகிறது: இரண்டு வயது வரை படுக்கவைத்து நீளம், அதன்பின் நிற்கவைத்து உயரம். நிற்கும்போது ஏறக்குறைய 0.7 சென்டிமீட்டர் குறைவாகக் காட்டும் என்பதால், வளர்ச்சி வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு சிறிய படி தெரியும்.