ரத்தப் பூச்சுப் படத்தில் மலேரியா ஒட்டுண்ணியின் வளர்நிலைகள்

மெல்லிய ரத்தப் பூச்சின் படத்தில் முதலில் கண்ணில் படுபவை வெளிர் ரோஜா நிறத்தில் வட்ட வட்டமாகக் கிடக்கும் சிவப்பணுக்கள். ஒரு சிறு துளி ரத்தத்தைக் கண்ணாடி சிலைடின் மேல் இழுத்துப் பரப்பி, உலரவிட்டு, மெத்தனாலில் நிலைப்படுத்தி, ஜீம்சா சாயம் ஏற்றுவார்கள். பூச்சின் வால்முனைக்குச் சற்று முன்னால் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும். ஆயிரம் மடங்கு உருப்பெருக்கத்தில் அந்த இடத்தைத்தான் படம் எடுக்க வேண்டும். தொற்று இல்லாத சிவப்பணுவின் விட்டம் ஏறத்தாழ 7.5 மைக்ரோமீட்டர். படத்தில் மற்ற எல்லாவற்றையும் அளக்க அதுவே அளவுகோல்.

ஒட்டுண்ணியை அடையாளம் காட்டுவது நிறம். அதன் உட்கருப் பொருளான குரோமாட்டின் சிவப்பு அல்லது செவ்வூதா நிறம் பெறும். உடற்பொருளான சைட்டோபிளாசம் நீலமாகும். சிவப்பணு ஒன்றுக்குள் இந்த இரண்டு நிறமும் சேர்ந்து தெரிந்தால்தான் அதை ஒட்டுண்ணி என்று சொல்லலாம். மூன்றாவது தடயம் நிறமி. ஒட்டுண்ணி சிவப்பணுவின் ஹீமோகுளோபினைத் தின்று செரித்தபின் எஞ்சும் கழிவு, பழுப்பு நிறத் துகள்களாக அதன் உடலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இளம் ஒட்டுண்ணியில் நிறமி தெரியாது. வளர வளரக் கூடும். ஆகவே நிறமி இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பது ஒட்டுண்ணியின் வயதைச் சொல்லிவிடும்.

இந்தியாவில் பரவலாகக் காணப்படும் வைவாக்ஸ் வகையில் எல்லா நிலைகளும் விரல்நுனி ரத்தத்திலேயே கிடைக்கும் என்பதால், நிலைகளைக் கற்க அதுவே ஏற்றது. சிவப்பணுவுக்குள் அதன் ஒரு சுற்று ஏறத்தாழ 48 மணி நேரம். தொடக்கத்தில் அது கல் பதித்த மோதிரம் போல் இருக்கும்: நீல வளையம், அதன் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, நடுவில் வெற்றிடம். இதுதான் வளைய நிலை. பிறகு வளையம் தடித்து, கைகால் நீட்டியதுபோல் தாறுமாறான வடிவம் எடுக்கும், நிறமி தோன்றும், குரோமாட்டின் மட்டும் ஒன்றாகவே இருக்கும். இது டிரோபோசோயிட் நிலை. இதற்குள் சிவப்பணுவும் மாறியிருக்கும். பக்கத்திலுள்ள நல்ல அணுவைவிட அது ஒன்றரை மடங்குவரை பெருத்து, நிறம் வெளிறி, உள்ளே ஷூஃப்னர் புள்ளிகள் எனப்படும் மெல்லிய இளஞ்சிவப்புத் துகள்கள் நிறைந்து காணப்படும். சாயக் கரைசலின் pH அளவு 7.2 அளவில் இருந்தால் இவை தெளிவாகத் தெரியும். அமிலத்தன்மை கூடினால் தெரியாமலே போகலாம். எனவே புள்ளிகள் இல்லை என்பதை மட்டும் வைத்து வைவாக்ஸ் அல்ல என்று முடிவு கட்டக் கூடாது.

குரோமாட்டின் இரண்டாகவோ அதற்கு மேலாகவோ பிரிந்து, நிறமியும் இருந்தால் அது சைசான்ட். முதிர்ந்த வைவாக்ஸ் சைசான்டில் 12 முதல் 24 வரை மீரோசோயிட்டுகள் இருக்கும். நிறமி ஓரிடத்தில் திரண்டிருக்க, அவை அதைச் சூழ்ந்திருக்கும். அணு வெடித்து அவை வெளியேறும்போதுதான் குளிரும் காய்ச்சலும் வருகின்றன.

பழகியவர்களும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அது, முதிர்ந்த டிரோபோசோயிட்டையும் கேமிட்டோசைட்டையும் பிரித்தறிவது. கேமிட்டோசைட் என்பது கொசுவுக்குள் போய் இனப்பெருக்கம் செய்வதற்கான பாலணு. இரண்டும் பெரியவை, இரண்டிலும் ஒரே குரோமாட்டின், இரண்டிலும் நிறமி. விளிம்பையும் உள்வெற்றிடத்தையும் பார்ப்பதே வழி. டிரோபோசோயிட்டின் விளிம்பு ஒழுங்கற்றது, உள்ளே வெற்றிடத்தின் மிச்சம் இருக்கும், நிறமி திட்டுத் திட்டாகக் கிடக்கும். கேமிட்டோசைட் உருண்டை, அணுவை ஏறக்குறைய நிரப்பியிருக்கும், வெற்றிடம் இராது, நிறமி உடல் முழுதும் தூவியதுபோல் பரவியிருக்கும்.

பால்சிபாரம் வகையின் படம் வேறு விதமானது. அதில் பெரும்பாலும் இளம் வளையங்களும், சில வேளை கேமிட்டோசைட்டுகளும் மட்டுமே இருக்கும். இதற்குக் காரணம், வளர்ந்த ஒட்டுண்ணி உள்ள சிவப்பணுக்கள் மூளை முதலிய உறுப்புகளின் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, ஓடும் ரத்தத்திலிருந்து விலகிவிடுவதே. உயிரைப் பறிக்கும் மூளை மலேரியாவுக்கும் அந்த ஒட்டுதல்தான் அடிப்படை. ஆகவே விரல்நுனி ரத்தத்திலேயே பால்சிபாரம் சைசான்ட் தெரிந்தால் அது அபாய அறிகுறி. இதன் வளையங்கள் மெலிந்தவை, அணு பெருப்பதில்லை, ஒரே அணுவில் இரண்டு மூன்று வளையங்கள் இருக்கலாம், சில வளையங்களில் இரண்டு குரோமாட்டின் புள்ளிகள் இருக்கும். அந்த இரட்டைப் புள்ளியைப் பார்த்துச் சைசான்ட் என்று எண்ணிவிடுவது புதிதாகப் பழகுவோர் செய்யும் தவறு. நிறமி இல்லை, வளைய வடிவம் குலையவில்லை என்றால் அது வளையமே. பிறை வடிவக் கேமிட்டோசைட் பால்சிபாரத்துக்கே உரிய அடையாளம். காய்ச்சல் தணிந்த பிறகும் அது சில வாரங்கள் ரத்தத்தில் தெரியலாம். அதனால் மட்டும் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருளாகாது.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 250 சிவப்பணுக்கள். ஐந்து இடங்களில் கண் நிற்கிறது. முதலாவதில் தடித்த வளையம், ஒரு சிவப்புப் புள்ளி: வளைய நிலை. இரண்டாவது அணு பெருத்து வெளிறியிருக்கிறது. உள்ளே ஒழுங்கற்ற நீல உரு, சில பழுப்புத் துகள்கள், சுற்றிலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள்: டிரோபோசோயிட். மூன்றாவதில் 16 சிவப்புப் புள்ளிகள், நடுவே திரண்ட நிறமி: முதிர்ந்த சைசான்ட். நான்காவது, வெற்றிடம் இல்லாத நீல உருண்டை, தூவிய நிறமி: கேமிட்டோசைட். ஐந்தாவது, அணுவின் மேல் செவ்வூதா நிறத் திட்டு. அதைச் சுற்றி மெல்லிய வெளிறிய வளையம். நீலச் சைட்டோபிளாசம் தனியாகத் தெரியவில்லை. அருகே அணுக்களுக்கு வெளியிலும் அதே போன்ற திட்டுகள் கிடக்கின்றன. அது சிவப்பணுவின் மேல் படிந்த ரத்தத்தட்டு. பெருத்த அணுவும் புள்ளிகளும் ஓவேல் வகையிலும் உண்டு. ஆனால் அதன் சைசான்டில் பெரும்பாலும் எட்டு மீரோசோயிட்டுகளே இருக்கும். ஆகவே இந்தப் படம் வைவாக்ஸைக் காட்டுகிறது. தொற்றின் அளவைக் கணக்கிடும்போது கேமிட்டோசைட்டைச் சேர்ப்பதில்லை. 16 மீரோசோயிட் உள்ள அணுவும் ஒன்றாகவே எண்ணப்படும். எனவே 250-க்கு 3, அதாவது 1.2 விழுக்காடு. ஒரே படத்தை வைத்துச் சொன்ன கணக்கு என்பதால் இதை அப்படியே நம்பக் கூடாது. பல இடங்களில் குறைந்தது ஆயிரம் அணுக்களையாவது எண்ண வேண்டும்.

நுண்ணோக்கியில் பார்ப்பவர் சந்தேகம் வந்தால் குவியத்தை மெல்ல ஏற்றி இறக்குவார். சிவப்பணுவின் மேல் கிடக்கும் சாயத் துகளும் ரத்தத்தட்டும் வேறு உயரத்தில் தெளிவாகும். உள்ளே இருக்கும் ஒட்டுண்ணி அணுவோடு சேர்ந்தே தெளிவாகும். படத்தில் அந்த வசதி இல்லை. கேமராவின் நிறச் சமநிலை பிசகினால் நீலமும் ஊதாவும் இடம் மாறும். அதைச் சரிபார்க்கப் படத்தில் ஒரு வெள்ளணு இருப்பது நல்லது. அதன் உட்கரு ஆழ்ந்த ஊதாவாகத் தெரிந்தால் நிறத்தை நம்பலாம். பரிசோதனைக் குழாயில் பல மணி நேரம் கிடந்த ரத்தத்தில் ஒட்டுண்ணியின் வடிவமே சிதைந்துவிடுவதால், அதிலிருந்து எடுத்த படத்தில் நிலையைத் தீர்மானிப்பது பாதுகாப்பானது அல்ல. ஒட்டுண்ணி எதுவும் தெரியாத படம் நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. அதே நேரத்தில் எடுத்த தடித்த பூச்சையும் பார்க்க வேண்டும். அதிலும் இல்லை, காய்ச்சல் நிற்கவில்லை என்றால், 12 முதல் 24 மணி நேரம் கழித்து மீண்டும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.