கோழிப் பண்ணைக்கு ஒரு தேதித் தாள்

நூறு நாட்டுக்கோழிக் குஞ்சுகள் ஜூன் 1 அன்று பொரித்தன என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தேதியைத் தாளின் தலையில் எழுதி, அதை முதல் நாளாகக் கொள்ளுங்கள். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான லசோட்டா சொட்டு மருந்து 7ஆம் நாள், அதாவது ஜூன் 7. கம்போரோ தடுப்பூசி ஜூன் 14. லசோட்டா மறுபடியும் ஜூன் 28. எட்டாம் வார இறுதியில், ஜூலை 26 அன்று, வெள்ளைக்கழிச்சலுக்கான ஊசி. உங்கள் பகுதி நிலவரப்படி கால்நடை மருத்துவர் இதை மாற்றக்கூடும்.

ஒவ்வொரு தேதிக்கும் எதிரே குப்பியின் பேட்ச் எண், காலாவதித் தேதி, போட்ட தேதி ஆகிய மூன்றையும் குறியுங்கள். மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வையுங்கள். கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். மிச்சத்தை மறுநாளுக்கு வைத்தால் பலன் இராது. பின்னால் நோய் வந்தால், தவறு மருந்திலா, தேதியிலா என்று தேட இந்தக் குறிப்பே உதவும்.

தீவனத்துக்கு ஒரே கணக்குதான்: இருப்பைத் தினச் செலவால் வகுப்பது. 40 கிலோ இருந்து, நாளுக்கு 4 கிலோ செலவானால் பத்து நாள் வரும். மூட்டை வந்துசேர மூன்று நாள் ஆகுமென்றால், ஆறாம் நாளே சொல்லிவிடுங்கள். குஞ்சு வளர வளரச் செலவு கூடும். வாரம் ஒருமுறை புதிதாக வகுத்துப் பாருங்கள்.

நோய்க்கு மருந்து கொடுத்தால், முட்டையையும் கறியையும் எந்தத் தேதிவரை விற்கக்கூடாது என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள்.