அடிக்கடி மடங்கும் கால்: விதியா, நார் தளர்வா?

பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் குலை வெட்டும் தம்பி ஒருவர், சென்ற ஆண்டு நொண்டிக்கொண்டே எங்கள் சங்க அலுவலகப் படியேறி வந்தார்.

"அண்ணே, வலது கால் மறுபடியும் மடங்கிப் போச்சு. ரெண்டு வருசத்துல இது அஞ்சாவது தடவை. மண்டோர் என்னை நடிக்கிறான்கிறாரு."

முதல் தடவை ஓடை ஓரம் கிடந்த மட்டையின் அடிக்கட்டையில் கால் வைத்துப் பாதம் உள்பக்கமாகப் புரண்டிருக்கிறது. சுளுக்கு எடுப்பவரிடம் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டு, நாலாம் நாள் பெரட்டுக்குப் போய் நின்றிருக்கிறார். அதற்கப்புறம் சின்னக் கல்லை மிதித்தாலும் கால் மடங்குகிறது. ரந்தாவ் பக்கம் பால்மரம் வெட்டும் அக்கா ஒருவரும் இதே முறையீட்டோடு வந்தார். இரண்டு பேரையும் நாங்கள் எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனோம். முறையீடு ஒன்றுதான், ஆனால் காரணம் இரண்டு என்று அங்கேதான் தெரிந்தது.

வெளிக்கணுவின் அடியிலிருந்து பாதத்து எலும்புகளுக்குக் கயிறு கட்டினாற்போல நார்கள் ஓடுகின்றன. பாதம் உள்ளே புரளும்போது முன்பக்கத்து நார்தான் முதலில் கிழியும். அடி பலமானால் அதற்குக் கீழே குதிகாலுக்கு ஓடும் நாரும் சேர்ந்து போகும். கிழிந்த நாருக்கு ஓய்வும் கட்டும் கிடைத்தால் பெரும்பாலும் கூடிவிடும். வீக்கம் வற்றியதுமே மேட்டிலும் பள்ளத்திலும் சுமையோடு இறங்கினால், அது நீண்டு தொளதொளவென்று ஆறிப்போகும். பழைய சைக்கிள் டியூப் மாதிரி, இருக்கும், ஆனால் இழுத்துப் பிடிக்காது. இது ஒரு காரணம்.

மற்றக் காரணத்தை 1965இல் லண்டனில் ஃபிரீமன் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் எடுத்துச் சொன்னார்கள். நாருக்குள்ளே நுண்ணிய நரம்பு முனைகள் உண்டு. பாதம் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று அவைதாம் சேதி அனுப்புகின்றன. நார் கிழியும்போது அவையும் அறுந்துபோகின்றன. அதனால் பாதம் புரளத் தொடங்கும் சேதி தாமதமாகப் போகிறது, வெளிப்பக்கத் தசை பாதத்தை இழுத்து நிறுத்துவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். நார் உறுதியாக ஆறிய காலும் மடங்குவது இதனால்தான்.

இரண்டில் எது என்று டாக்டர் கையாலேயே பார்த்தார். தம்பியை மேசை ஓரத்தில் முழங்காலை மடித்து உட்கார வைத்தார். ஒரு கையால் கீழ்க்காலை அசையாமல் பிடித்து, மறு கையால் குதிகாலைப் பற்றி, மேசை அறையைத் திறப்பதுபோல முன்னால் இழுத்தார். வலது பாதம் நழுவி வந்தது. வெளிக்கணுவுக்கு முன்னால் ஒரு சிறு குழியும் விழுந்தது. பிறகு குதிகாலை உள்பக்கம் சாய்த்துப் பார்த்தார். இது கீழே உள்ள நாருக்கான சோதனை. இரண்டையும் நல்ல காலிலும் செய்தார். சிலருக்குப் பிறவியிலேயே மூட்டுகள் தளர்ச்சி, ஆகவே ஒரு காலை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இழுத்த நிலையில் எக்ஸ்ரே எடுத்தபோது, வலது பாதம் இடது பாதத்தைவிட 5 மில்லிமீட்டர் கூடுதலாக முன்னால் வந்திருந்தது. 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் நார் தளர்வு என்று கொள்வது வழக்கம்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. கால் மடங்கிய அன்றே செய்தால் வலியில் தசை இறுகிப்போய், தளர்ந்த காலும் உறுதியாகத் தோன்றும். நாலைந்து நாள் கழித்துப் பார்ப்பதே நம்பத்தக்கது.

ரந்தாவ் அக்காவின் பாதம் அசைந்து கொடுக்கவில்லை. ஆனால் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னதும் ஐந்து விநாடியில் தள்ளாடிச் சுவரைப் பிடித்துவிட்டார். நல்ல காலில் இருபது விநாடி நின்றார். அவருக்கு நார் போகவில்லை, உணர்வுதான் மந்தமாகியிருந்தது.

இருவருக்குமே முதலில் கொடுத்தது பயிற்சிதான். வெறுங்காலோடு, சுவர் ஓரத்தில், அடிபட்ட காலில் 30 விநாடி நிற்க வேண்டும். ஒரு வேளைக்கு ஐந்து தடவை, நாளுக்கு இரு வேளை. அது லேசானதும் கண்ணை மூடி நிற்க வேண்டும். அதுவும் வந்தபிறகு மடித்த கோணிச்சாக்கின் மேல் நிற்க வேண்டும். கடைசியில், நின்றபடியே ஒருவர் எறியும் பந்தைப் பிடிக்க வேண்டும். கூடவே டியூப் வாரை மேசைக் காலில் கட்டிப் பாதத்தில் மாட்டி, வெளிப்பக்கமாக இழுத்து மெதுவாக விட வேண்டும். மறுநாள் காலையில் கணு வீங்கியிருந்தால் முந்திய படிக்கு இறங்கிவிட வேண்டும். பலரும் தவறுவது எங்கே என்றால், இரண்டு வாரத்தில் வலி போனதும் நிறுத்திவிடுவார்கள். வலி போவது வேறு, உணர்வு திரும்புவது வேறு. ஆறு வாரமாவது வேண்டும், மூன்று மாதம் நல்லது.

மூன்று மாதத்தில் அக்கா கண்ணை மூடி இரண்டு காலிலும் ஒரே நேரம் நின்றார். நிரையில் கால் மடங்குவதும் நின்றது. தம்பிக்குச் சமதரையில் தேவலை, ஆனால் சரிவில் குலையோடு இறங்கினால் மறுபடியும் மடங்கியது. நார் தளர்ந்திருக்கிறது, பயிற்சியும் போதவில்லை. அறுவையைப் பற்றிப் பேச வேண்டியது இந்தக் கட்டத்தில்தான்.

முன்காலத்தில் வெளிப்பக்கத்துத் தசைநாண் ஒன்றை எடுத்து எலும்பில் கோத்துக் கட்டுவார்கள். கால் உறுதிப்படும், ஆனால் மூட்டு விறைத்துப்போகும், புரளும் பாதத்தைத் தடுக்கும் தசையும் பலம் குறையும். சுவீடன் நாட்டு டாக்டர் புரோஸ்ட்ரோம் 1966இல் வேறு வழியை எழுதினார். நீண்டுபோன அந்த நாரையே குறுக்கி அதன் இடத்தில் தைப்பது அது. 1980இல் கூல்ட் என்ற அமெரிக்க டாக்டர், பக்கத்திலுள்ள பட்டைத் திசுவையும் இழுத்து மேலே தைத்து வலுவூட்டினார். இன்று பெரும்பாலும் முதலில் செய்வது இதுவே. நார் நைந்துபோனவர், உடல் மிகக் கனத்தவர், மூட்டெல்லாம் தளர்ந்தவர் ஆகியோருக்கு இது தாங்காமல் போகலாம். அவர்களுக்கு வேறிடத்துத் தசைநாணை எடுத்துப் புது நாராக வைப்பார்கள். குதிகால் உள்பக்கம் வளைந்திருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் தைத்தது மறுபடியும் இழுபட்டுவிடும்.

தம்பிக்கு நாரைத் தைத்தார்கள். ஆறு வாரம் கட்டும் காலணியும். பிறகு அதே ஒற்றைக்கால் பயிற்சி முதலிலிருந்து. தைத்த நார் உறுதியைத் தரும், உணர்வைத் தராது. ஐந்து மாதம் கழித்துக் குலை வெட்டப் போனார். பாதத்தின் வெளி ஓரத்தில் கொஞ்சம் மரத்திருக்கிறது. தோல் நரம்பு உரசப்படுவதால் சிலருக்கு இப்படி வருவதுண்டு.

கால் இப்படி. கூலி? முதல் இரண்டு தடவைக்கும் அவரிடம் ஒரு சீட்டுக்கூட இல்லை. அந்த நாள்களின் கூலி போனது போனதுதான். மூன்றாவது தடவை கிளினிக்கில் எழுதி வாங்கியிருந்த சீட்டை வைத்தே சொக்சோ மனுவைத் தொடங்கினோம். வேலையில் நடந்த விபத்தை நிர்வாகம் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு இருந்தால், கணக்கிட்ட தினக்கூலியில் 80 விழுக்காடு தற்காலிக முடத்துக்கான பணமாகக் கிடைக்கும். 2019 முதல் அயல்நாட்டுத் தோழர்களுக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. பயிற்சிக்கு மலாக்காவில் சொக்சோ 2014இல் திறந்த மறுவாழ்வு மையம் நமக்குப் பக்கந்தான். டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே தோழர்களே, கால் முதல் தடவை மடங்கும்போதே, சுளுக்கு எடுப்பவரிடம் போகுமுன் கிளினிக்குக்குப் போங்கள். எந்தக் கால், எந்த நிரை, எத்தனை மணி என்று எழுத்தில் வாங்குங்கள். நாலு அடி வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே கேளுங்கள். உருவுவது எலும்பு முறியவில்லை என்று தெரிந்த பிறகு இருக்கட்டும். ஒரு வருசமாக மடங்கிக்கொண்டிருக்கும் கால் என்றால், இன்று இரவே சுவரோரம் கண்ணை மூடி ஒவ்வொரு காலாக நின்று, வீட்டில் ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். இரண்டு காலுக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்தால், அந்தக் கணக்கை டாக்டரிடம் சொல்லுங்கள்.