ஒட்டுப் பிரிந்தால் பெட்டி துவளும்

காலியான பற்பசை அட்டைப்பெட்டி ஒன்றின் இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். எளிதில் திரும்பாது. நீளவாக்கில் ஒட்டியிருக்கும் விளிம்பைப் பிரித்துவிட்டு மறுபடி முறுக்கினால் துவண்டுவிடும். பிரிந்த ஓரங்களில் ஒன்று முன்னும் மற்றொன்று பின்னுமாக நழுவுவது தெரியும். அதுவரை பசை தடுத்து வைத்திருந்தது இந்த நழுவலைத்தான்.

மூடிய பெட்டியில் நழுவலைத் தடுக்கும் விசை நான்கு சுவர்களையும் சுற்றி வருகிறது. சுவரின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் எவ்வளவு விசை என்று அளந்தால் அதுதான் 'சறுக்கு ஓட்டம்'. வாய்க்கால் குறுகும் இடத்தில் நீர் வேகம் பிடிப்பதுபோல, சுவர் மெலியும் இடத்தில் தகைவு கூடும்; ஓட்டத்தின் அளவு மாறாது. 1896-இல் ஜெர்மன் பொறியாளர் ருடால்ஃப் பிரெட் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார்:

q = T / (2A)

T முறுக்குவிசை, A சுவரின் நடுக்கோட்டுக்குள் அடைபடும் பரப்பு.

ஓர் எஃகுப் பெட்டிக்குழாயை எடுத்துக்கொள்வோம். நடுக்கோட்டு அளவு 100 × 50 மி.மீ., சுவர்த் தடிமன் 2 மி.மீ., நீளம் 1 மீட்டர். முறுக்குவிசை 500 நியூட்டன்-மீட்டர். அதாவது ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் சுமார் 51 கிலோவைத் தொங்கவிட்டது போல. பரப்பு 5,000 சதுர மி.மீ. ஆகவே ஓட்டம் 5,00,000 ÷ 10,000 = மில்லிமீட்டருக்கு 50 நியூட்டன். அதைத் தடிமனால் வகுத்தால் தகைவு 25. சாதாரண எஃகு இதை அலட்டாமல் தாங்கும்.

விடையைச் சரிபார்க்கலாம். 100 மி.மீ. சுவர் ஒவ்வொன்றிலும் 5,000 நியூட்டன். இரண்டுக்கும் இடைவெளி 50 மி.மீ.; பெருக்கினால் 2,50,000. குறுகிய சுவர்களில் 2,500 நியூட்டன் வீதம், இடைவெளி 100, அதுவும் 2,50,000. கூட்டினால் கொடுத்த முறுக்குவிசை அப்படியே வந்துவிடுகிறது.

திருகும் கோணத்துக்கு:

θ = (T L / (4 A² G)) × (s / t)

s சுற்றளவு 300 மி.மீ.; t தடிமன்; G எஃகின் விறைப்புக் குணகம், சுமார் 80,000. விடை 0.0094 ரேடியன், ஏறக்குறைய அரை பாகை. சுவர்களின் தடிமன் வேறுபட்டால் ஒவ்வொன்றின் s/t-யையும் தனித்தனியே கண்டு கூட்ட வேண்டும். சுவர் மெல்லியதாக இருக்கும்வரைதான் இக்கணக்கு பொருந்தும். மிகவும் மெலிந்துவிட்டாலோ, தகைவு எல்லையைத் தொடும் முன்பே சுவர் நெளிந்துவிடும்.

இதே குழாயில் நீளவாக்கில் ஒரு கீறல் விழுந்தால் ஓட்டம் சுற்றிவர வழியில்லை. விறைப்பு 800 மடங்குக்கும் மேல் குறைகிறது. தகைவு 25-லிருந்து 1,250-க்குப் போகும். சாதாரண எஃகு அதற்கு வெகு முன்பே இளகிவிடும்.

ஆகவே தகட்டை மடித்துப் பெட்டியாக்கும் வெல்டர் கவனிக்க வேண்டியது அந்த ஒற்றை இணைப்பை. மில்லிமீட்டருக்கு 50 நியூட்டன் என்றால், ஒரு மீட்டர் நீள வெல்டு மொத்தம் 50,000 நியூட்டனை, ஏறத்தாழ ஐந்து டன் எடையை, நழுவவிடாமல் பிடித்திருக்கிறது. விட்டுவிட்டுப் பாதி நீளத்துக்கு மட்டும் பற்றவைத்தால், இருக்கும் வெல்டு ஒவ்வொன்றும் இரு மடங்கு சுமக்க வேண்டும்.